ஆண்டுக் கடைசியில் கைக்கு வரும் சம்பளம் ஏன் குறைகிறது? பிசிபி பிடித்தம் கணக்கிடப்படும் முறை

கிள்ளான் பள்ளத்தாக்கில் தீபாவளி முடிந்த கையோடு வரும் சம்பளச் சீட்டு பலருக்கு அதிர்ச்சி தருகிறது. அடிப்படைச் சம்பளம் மாறவில்லை, விடுமுறையும் அதிகம் எடுக்கவில்லை. ஆனால் வங்கிக் கணக்கில் விழுந்த தொகை சில நூறு ரிங்கிட் குறைவாக இருக்கிறது. சீட்டை மேலிருந்து கீழாகப் பார்த்தால் பிசிபி என்ற வரியில் உள்ள தொகை திடீரென இரண்டு, மூன்று மடங்காகியிருக்கும். கம்பெனி தப்பாகப் பிடித்துவிட்டது என்றும், ஆண்டுக் கடைசியில் அரசாங்கம் கூடுதல் வரி வாங்குகிறது என்றும் பேச்சு கிளம்புவது இந்த நேரத்தில்தான்.

பெரும்பாலும் இரண்டுமே நடப்பதில்லை. கட்ட வேண்டிய மொத்த வரி அதேதான். அதைப் பங்கு போட மிச்சமிருக்கும் மாதங்கள்தான் குறைந்துவிடுகின்றன. இது எப்படி நடக்கிறது என்பதைப் புரிந்துகொள்ள, முதலாளி அந்தத் தொகையை எப்படிக் கணக்கிடுகிறார் என்று தெரிந்தால் போதும்.

மாத வரி அல்ல, ஆண்டு வரியின் பங்கு

பொத்தொங்கான் சுக்காய் புலானான் என்பதன் சுருக்கமே பிசிபி. 1995 ஜனவரியில் இந்த முறை நடப்புக்கு வந்தது. ஊழியரின் சம்பளத்திலிருந்து முதலாளியே வரியைப் பிடித்து, அடுத்த மாதம் 15ஆம் தேதிக்குள் உள்நாட்டு வருமான வரி வாரியமான எல்எச்டிஎன்னுக்குச் செலுத்த வேண்டும். பிடிக்கத் தவறும் முதலாளிக்கு 200 முதல் 20,000 ரிங்கிட் வரை அபராதமோ, ஆறு மாதம் வரை சிறையோ, இரண்டுமோ விதிக்கச் சட்டத்தில் இடமுண்டு. ஆகவே “இந்த மாதம் விட்டுவிடுங்கள்” என்று ஊழியர் கேட்டாலும் சம்பளப் பிரிவால் விட முடியாது.

இதில் பலர் கவனிக்காத ஒன்று, நாட்டில் மாத வருமானத்துக்கென்று தனி வரி கிடையாது என்பது. வரி முழு ஆண்டு வருமானத்துக்கு மட்டுமே உண்டு. ஜனவரியில் சம்பளம் போடும்போது இந்த ஊழியர் டிசம்பர் வரை எவ்வளவு சம்பாதிப்பார் என்பது முதலாளிக்குத் தெரியாது. அதனால் அவர் ஓர் ஊகம் செய்கிறார். இந்த மாதச் சம்பளமே மீதி எல்லா மாதங்களுக்கும் தொடரும் என்பதுதான் அந்த ஊகம்.

அதன் அடிப்படையில் ஆண்டு வருமானத்தைக் கணித்து, கழிவுகளை நீக்கி, ஆண்டு முழுமைக்கான வரியைக் கண்டுபிடிக்கிறார். அதிலிருந்து இதுவரை கட்டிய பிசிபியைக் கழிக்கிறார். மிச்சத்தை இந்த மாதத்தையும் சேர்த்து மீதமுள்ள மாதங்களால் வகுக்கிறார். வருவதுதான் அந்த மாதப் பிசிபி. இந்தக் கணக்கு ஒவ்வொரு மாதமும் புதிதாகப் போடப்படுகிறது.

கடைசியில் வரும் அந்த வகுத்தலைத்தான் கவனிக்க வேண்டும். ஜனவரியில் 12 ஆல் வகுப்பார்கள், ஜூலையில் 6 ஆல், அக்டோபரில் 3 ஆல், டிசம்பரில் 1 ஆல். ஊகத்தில் ஒரு பிழை இருந்து அது பிப்ரவரியில் தெரியவந்தால், 11 மாதங்களில் கொஞ்சம் கொஞ்சமாகச் சரியாகிவிடும். அதே பிழை நவம்பரில் தெரியவந்தால் இரண்டே மாதச் சம்பளம் அதைச் சுமக்க வேண்டும்.

ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம்

எடுத்துக்காட்டாக, கிள்ளானில் வசிக்கும் திருமணமாகாத ஒரு பெண்ணை வைத்துக்கொள்வோம். ஜனவரி முதல் கிள்ளானிலேயே ஒரு நிறுவனத்தில் 6,000 ரிங்கிட் சம்பளத்தில் வேலை. அந்த நிறுவனத்தின் கணக்கு இப்படி இருக்கும். ஆண்டுக்கு 72,000 ரிங்கிட் வருமானம். இதில் தனிநபர் கழிவு 9,000 ரிங்கிட். இபிஎப் சந்தாவுக்கு அதிகபட்சக் கழிவு 4,000 ரிங்கிட். மீதி 59,000 ரிங்கிட்டுக்குத்தான் வரி.

2023 மதிப்பீட்டு ஆண்டு முதல் உள்ள விகிதப்படி முதல் 50,000 ரிங்கிட்டுக்கு வரி 1,500 ரிங்கிட். அதற்கு மேல் 70,000 வரை 11 விழுக்காடு. ஆக, மீதி 9,000 ரிங்கிட்டுக்கு 990. மொத்தம் 2,490 ரிங்கிட். பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 207 ரிங்கிட் 50 சென். ஜூன் வரை ஆறு மாதத்தில் அவர் 1,245 ரிங்கிட் கட்டியிருப்பார்.

ஜூலையில் அவர் பிரிக்பீல்ட்ஸில் ஓர் அலுவலகத்துக்கு மாறுகிறார். சம்பளம் 6,500 ரிங்கிட். காலையில் கொமுட்டர் ரயிலில் கேஎல் சென்ட்ரல் வந்து இறங்கினால் நடந்தே போய்விடலாம். ஜூலைச் சம்பளச் சீட்டைப் பார்த்தால் இன்னொரு மகிழ்ச்சி. பிசிபி பூஜ்யம்! சம்பளமும் கூடியது, வரியும் போனது.

இந்த மகிழ்ச்சிதான் பின்னால் வரும் சிக்கலின் முதல் அறிகுறி. புதிய முதலாளியின் கணினிக்கு அவரது ஜனவரி முதல் ஜூன் வரையிலான வருமானம் தெரியாது. அதன் கண்ணுக்கு அவர் இந்த ஆண்டில் ஆறு மாதம் மட்டுமே சம்பாதிக்கும் ஊழியர். ஆறு மாதத்துக்கு 39,000 ரிங்கிட். அதே 13,000 ரிங்கிட் கழிவைக் கழித்தால் 26,000 ரிங்கிட். அதற்கு வரி 330 ரிங்கிட். ஆனால் வரிக்குரிய வருமானம் 35,000 ரிங்கிட்டைத் தாண்டாதவர்களுக்கு 400 ரிங்கிட் தள்ளுபடி உண்டு. ஆகவே வரியே இல்லை என்று கணினி முடிவு செய்கிறது. கணினியின் கணக்கில் பிழை இல்லை. அதற்குக் கொடுக்கப்பட்ட தகவல்தான் பாதி.

உண்மையான கணக்கு வேறு. பழைய வேலையில் 36,000, புதிய வேலையில் 39,000. மொத்தம் 75,000 ரிங்கிட். கழிவு போக 62,000. அதற்கு வரி 2,820 ரிங்கிட். ஏற்கெனவே கட்டியது 1,245. இன்னும் கட்ட வேண்டியது 1,575 ரிங்கிட்.

டிபி3 பாரம் எந்த மாதம் போய்ச் சேருகிறது?

இந்தப் பாதித் தகவலை முழுமையாக்குவதற்கென்றே ஒரு பாரம் இருக்கிறது. அதன் பெயர் டிபி3. ஆண்டின் நடுவில் வேலை மாறும் ஊழியர், அதே ஆண்டில் முந்தைய முதலாளியிடம் பெற்ற மொத்தச் சம்பளம், இபிஎப் சந்தா, பிடிக்கப்பட்ட பிசிபி ஆகியவற்றை அதில் எழுதிப் புதிய முதலாளியிடம் கொடுக்க வேண்டும். வேலையில் சேரும் நாளில் நிரப்பும் பத்துப் பதினைந்து தாள்களுக்கு நடுவே இதுவும் வரும். பழைய சம்பளச் சீட்டு கையில் இல்லை, அப்புறம் கொடுக்கலாம் என்று பலர் ஒதுக்கி வைப்பதும் இதைத்தான். பழைய சம்பளத்தைப் புதிய முதலாளிக்குக் காட்ட மனமில்லாமல் தவிர்ப்பவர்களும் உண்டு.

அந்தத் தாமதத்தின் விலையை இந்த எடுத்துக்காட்டிலேயே பார்க்கலாம். பாரம் ஜூலையிலேயே போய்ச் சேர்ந்திருந்தால், 1,575 ரிங்கிட் ஆறு மாதங்களுக்குப் பங்காகி மாதம் 262 ரிங்கிட் 50 சென் மட்டும் பிடிக்கப்பட்டிருக்கும். அக்டோபர் சம்பளத்தில் ஏறினால் மூன்று மாதங்களுக்குத் தலா 525 ரிங்கிட். நவம்பரில் ஏறினால் இரண்டு மாதங்களுக்குத் தலா 787 ரிங்கிட் 50 சென். டிசம்பரில் ஏறினால் 1,575 ரிங்கிட்டும் ஒரே சம்பளத்தில் போய்விடும்.

தீபாவளிக்கு வாங்கிய சம்பள முன்பணத்தின் பிடித்தமும் அதே மாதத்தில் வந்தால், வீட்டு வாடகைக்கும் கார் தவணைக்கும் கைகடிக்கும். முன்பணப் பிடித்தம் வேறு, வரிப் பிடித்தம் வேறு. சீட்டில் இரண்டும் தனித்தனி வரியாகத்தான் இருக்கும். குழம்பாமல் பிரித்துப் பார்ப்பது நல்லது.

பாரத்தைக் கொடுக்காமலே விட்டால் என்ன ஆகும்? பிடித்தம் இல்லாமல் ஆண்டு முடியும். ஆனால் 1,575 ரிங்கிட் கடன் எங்கும் போகாது. அடுத்த ஆண்டு பிஇ பாரத்தில் இரண்டு முதலாளிகளின் வருமானத்தையும் கூட்டி எழுதும்போது முழுத் தொகையும் மொத்தமாக எதிரில் வந்து நிற்கும். பிஇ பாரத்துக்கான கெடு ஏப்ரல் 30. கெடுவுக்குள் கட்டாத வரிக்கு 10 விழுக்காடு அபராதம் சேரும்.

பிசிபி பிடித்தாகிவிட்டது, இனி பாரம் அனுப்பத் தேவையில்லை என்று நினைப்பதும் இவருக்குப் பொருந்தாது. பிசிபியையே இறுதி வரியாக ஏற்கும் சலுகை 2014 மதிப்பீட்டு ஆண்டு முதல் இருக்கிறது. ஆனால் அது ஆண்டு முழுவதும் ஒரே முதலாளியிடம் வேலை செய்து, வேறு வருமானம் இல்லாதவர்களுக்கானது. வேலை மாறியவர் கட்டாயம் பாரம் அனுப்ப வேண்டும்.

ஆறுதல் தரும் ஒன்றும் இருக்கிறது. ஜனவரி பிறந்ததும் கணக்கு மீண்டும் பூஜ்யத்திலிருந்து தொடங்கும். 6,500 ரிங்கிட் சம்பளத்துக்குப் புதிய ஆண்டின் மாதப் பிசிபி 262 ரிங்கிட் 50 சென்தான். டிசம்பரில் 787 ரிங்கிட் பிடித்ததால் இனி எப்போதும் அப்படித்தான் என்று பயப்படத் தேவையில்லை.

போனஸ் மாதத்தில் நடப்பது வேறு

ஆண்டுக் கடைசியில் சம்பளம் மெலிவதற்கு இன்னொரு காரணம் போனஸ். வேலை மாறாமல் கிள்ளான் நிறுவனத்திலேயே 6,000 ரிங்கிட்டில் தொடரும் ஒரு சக ஊழியருக்கு டிசம்பரில் ஒரு மாத போனஸ் கிடைக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவரும் திருமணமாகாதவரே. அந்த மாதம் அவருக்குப் பிசிபி 867 ரிங்கிட் 50 சென். வழக்கமான 207 ரிங்கிட் 50 சென்னோடு போனஸுக்கு மட்டும் 660 ரிங்கிட் கூடியிருக்கிறது.

இங்கே மாதங்களால் வகுக்கும் பேச்சே இல்லை. போனஸைக் கூடுதல் ஊதியம் என்று எல்எச்டிஎன் வகைப்படுத்துகிறது. போனஸ் இல்லாமல் ஆண்டு வரி எவ்வளவு, போனஸோடு எவ்வளவு என்று பார்த்து, அந்த வித்தியாசம் முழுவதும் போனஸ் வரும் மாதத்திலேயே பிடிக்கப்படும். போனஸ் மார்ச்சில் வந்தால் மார்ச்சிலும் இதே 660 ரிங்கிட்தான்.

அப்படியானால் மாதச் சம்பளம் 6,000 ரிங்கிட்டுக்கு 207 ரிங்கிட் பிடித்தவர்கள், அதே 6,000 ரிங்கிட் போனஸுக்கு ஏன் 660 பிடிக்கிறார்கள்? கழிவுகளையும் குறைந்த விகிதப் படிகளையும் ஆண்டுச் சம்பளமே பயன்படுத்தித் தீர்த்துவிட்டது. போனஸ் அந்தப் படிகளின் மேல் போய் உட்காருகிறது. இவருடைய நிலையில் அதன் ஒவ்வொரு ரிங்கிட்டும் 11 விழுக்காட்டுப் படியில் விழுகிறது. 11 விழுக்காடு இபிஎப் சந்தாவும் போனஸிலிருந்து போகும். அது மற்றொரு 660 ரிங்கிட். ஆகவே 6,000 ரிங்கிட் போனஸில் கைக்கு வருவது 4,680 ரிங்கிட். இபிஎப்புக்குப் போனது அவருடைய சேமிப்பிலேயே இருக்கிறது என்பதை மறக்க வேண்டாம்.

போனஸால் படி மாறி, மொத்தத்தில் நட்டம் வரும் என்ற பேச்சும் அடிக்கடி காதில் விழும். அது சரியல்ல. இதே ஊழியருக்கு 12,000 ரிங்கிட் போனஸ் கிடைத்தால் வரிக்குரிய வருமானம் 71,000 ரிங்கிட்டாகும். 70,000ஐத் தாண்டிய அந்த 1,000 ரிங்கிட்டுக்கு மட்டுமே 19 விழுக்காடு. அதற்குக் கீழுள்ள பணத்துக்குப் பழைய விகிதமே தொடரும்.

சுமையைக் குறைக்க வழி

டிபி3 பிடித்தத்தைக் கூட்டுகிறது என்றால், டிபி1 அதைக் குறைக்கும் பாரம். ஊழியரின் தனிப்பட்ட செலவுகள் முதலாளிக்குத் தெரியாது. ஆயுள் காப்புறுதிச் சந்தா, புத்தகம், கணினி, கைப்பேசி, இணையக் கட்டணம் போன்ற வாழ்க்கைமுறைச் செலவுகள் ஆகியவற்றுக்கான கழிவைக் கணக்கில் சேர்க்க வேண்டுமானால் ஊழியர்தான் டிபி1 பாரத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும்.

நம் எடுத்துக்காட்டில் உள்ள பெண் அந்த ஆண்டில் 1,200 ரிங்கிட் ஆயுள் காப்புறுதி கட்டி, வாழ்க்கைமுறைக் கழிவின் உச்சவரம்பான 2,500 ரிங்கிட்டையும் செலவு செய்திருக்கிறார் என்போம். மொத்தம் 3,700 ரிங்கிட். அதன் 11 விழுக்காடு 407 ரிங்கிட். அக்டோபரில் டிபி3யோடு டிபி1ஐயும் சேர்த்துக் கொடுத்தால், மாதம் 525 ரிங்கிட் பிடிப்பதற்குப் பதில் சுமார் 389 ரிங்கிட் மட்டும் பிடிப்பார்கள். கொடுக்காவிட்டாலும் அந்தக் கழிவு வீணாகாது. பிஇ பாரத்தில் கோரி, கூடுதலாகக் கட்டியதைத் திரும்பப் பெறலாம். ஆனால் பணம் அடுத்த ஆண்டுதான் கைக்கு வரும். ரசீதுகளை ஏழு ஆண்டுகள் பத்திரப்படுத்த வேண்டும்.

திருமணமானவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். வேலைக்குப் போகாத துணைவருக்கும் பிள்ளைகளுக்கும் உள்ள கழிவுகள், மனிதவளப் பிரிவில் பதிவாகியிருக்கும் விவரத்தை வைத்தே கணக்கிடப்படுகின்றன. துணைவர் ஆண்டின் நடுவில் வேலைக்குச் சேர்ந்தாலோ, குழந்தை பிறந்தாலோ உடனே தெரிவிப்பது நல்லது.

தமிழ்நாட்டில் சம்பளம் வாங்கும் உறவினர்களும் இதே கதையைச் சொல்வார்கள். அங்கே வரி ஆண்டு ஏப்ரலில் தொடங்கி மார்ச்சில் முடிகிறது. ஆண்டுத் தொடக்கத்தில் சேமிப்பு, வாடகை என்று அறிவித்தவற்றுக்கு ஆண்டுக் கடைசியில் நிறுவனங்கள் ஆதாரம் கேட்கும். கொடுக்க முடியாதவர்களுக்குப் பிப்ரவரி, மார்ச் சம்பளம் மெலியும். மாதங்கள்தான் வேறு, வகுத்தல் ஒன்றே.

சீட்டைப் பார்த்தே காரணத்தைக் கண்டுபிடிக்கலாம்

சம்பளம் குறைந்தால் முதலில் எந்த வரி கூடியிருக்கிறது என்று பாருங்கள். பிசிபி கூடியிருந்து, போனஸோ நிலுவைச் சம்பளமோ அதே சீட்டில் இருந்தால் காரணம் அதுதான். அப்படி எதுவும் இல்லாமல் கூடியிருந்தால், உங்களைப் பற்றிய ஏதோ ஒரு தகவல் அந்த மாதம் மாறியிருக்கிறது என்று பொருள். தாமதமாக ஏறிய டிபி3யாகவோ, பிள்ளைகள் எண்ணிக்கையில் செய்த திருத்தமாகவோ இருக்கலாம். சம்பளப் பிரிவில் “இந்த மாதம் என் விவரத்தில் எது மாறியது?” என்று கேட்டால் பதில் கிடைக்கும்.

கூடியிருப்பது சிபி38 என்ற வரியாக இருந்தால் கதையே வேறு. அது இந்த ஆண்டின் ஊகம் அல்ல. முந்தைய ஆண்டுகளில் கட்டாமல் விட்ட வரியைத் தவணையாகப் பிடிக்கும்படி எல்எச்டிஎன் முதலாளிக்கு அனுப்பிய உத்தரவு. முதலாளியிடம் வாதாடிப் பயனில்லை. எல்எச்டிஎன்னிடமே விளக்கம் கேட்க வேண்டும்.

கணக்கை நீங்களே சரிபார்க்கவும் முடியும். எல்எச்டிஎன் இணையத்தளத்தில் உள்ள பிசிபி கணிப்பானில் இந்த மாதச் சம்பளத்தோடு, ஜனவரி முதல் கடந்த மாதம் வரை பெற்ற மொத்தச் சம்பளம், இபிஎப், கட்டிய பிசிபி ஆகியவற்றையும் பதிய வேண்டும். வேலை மாறியவர்கள் பழைய முதலாளியிடம் பெற்றதையும் சேர்க்க வேண்டும். வரும் விடையும் சீட்டில் உள்ள தொகையும் பெரிதாக வேறுபட்டால், முதலாளியிடம் இருக்கும் தகவல் முழுமையாக இல்லை.

வேலை மாறுகிறவர்கள் பழைய நிறுவனத்தின் கடைசிச் சம்பளச் சீட்டைக் கையில் வாங்காமல் வெளியேறக் கூடாது. அதில் ஆண்டுத் தொடக்கத்திலிருந்து கூட்டிய தொகைகள் இருந்தால் டிபி3 பாரத்தை ஐந்து நிமிடத்தில் நிரப்பிவிடலாம். இல்லாவிட்டால் ஒவ்வொரு மாதச் சீட்டையும் கூட்டிக்கொள்ளலாம். புதிய இடத்தில் முதல் சம்பளக் கணக்கு முடிவதற்குள் பாரம் போய்ச் சேர்ந்ததா என்று கேளுங்கள். முதல் சீட்டில் பிசிபி திடீரெனக் குறைந்திருந்தாலோ பூஜ்யமாக இருந்தாலோ அன்றைக்கே மனிதவளப் பிரிவுக்குப் போங்கள். ஜூலையில் 262 ரிங்கிட்டில் முடிகிற விஷயம் டிசம்பரில் 1,575 ரிங்கிட்டாக வந்து நிற்கும்.